‘பாரா உஷார்’ முதல் நம் சந்துப் பலகை வரை

நம் குடியிருப்புக்குப் பின்புறச் சந்தில் இரவுக் காவல் தொடங்குவது என்று கடந்த பொதுக்குழுவில் முடிவானது உங்களுக்கு நினைவிருக்கும். சந்தின் இரு முனைகளிலும் ஒரு பலகை வைக்க வேண்டும், அதில் ஒரு வாசகம் எழுத வேண்டும் என்றும் பேசினோம். அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பதினைந்து வாசகங்கள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன: ‘அந்நியர் நடமாட்டம் கண்டால் உடனே தகவல் கொடுங்கள்’, ‘எச்சரிக்கை! இந்தப் பகுதி கண்காணிக்கப்படுகிறது’.

பெயின்டரை அழைப்பதற்கு முன் ஒரு பழைய கதையைப் பார்த்துவிடலாம். இரவுக் காவலும் அதற்கான வாசகமும் நம் ஊருக்குப் புதியவை அல்ல. எந்தச் சொல் மக்களைச் சேர்த்தது, எந்தச் சொல் பிரித்தது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்றுகள் இருக்கின்றன.

முதல் வாசகம் ஒரு குரல்

பலகைக்கு முன்பே இரவுக் காவலுக்கு ஒரு வாசகம் இருந்தது. அது எழுத்தில் இல்லை, குரலில் இருந்தது: ‘பாரா உஷார்!’ பாரா என்பது காவல் என்ற பொருளில் இந்துஸ்தானியிலிருந்து நம் பேச்சுக்கு வந்த சொல். உஷார் என்றால் விழிப்பு. இந்த இரண்டு சொல்லில் திருடன் இல்லை, அந்நியன் இல்லை. ‘நான் விழித்திருக்கிறேன், நீ தூங்கு’ என்பதுதான் அதன் பொருள்.

பின்னாளில் நம் தெருக்களில் கூர்க்கா வந்தார். விசில் சத்தமும் கம்பால் தரையில் தட்டும் சத்தமும் அவருடைய வாசகம். மாதம் ஒருமுறை வீடு வீடாக வந்து ஒரு சலாம் வைத்துக் காசு வாங்கிக்கொண்டு போவார். பத்து வருடம் தூக்கம் வராத பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கம்புச் சத்தம் அவர்களைப் பயமுறுத்தியதா, தூங்க வைத்ததா என்று சொல்வார்கள். ஊரார் தூங்குவதற்காக ஒருவர் விழித்திருக்கிறார் என்பதுதான் அதில் கேட்ட செய்தி.

பெத்த நாயக்கன் கொடுத்த வாக்கு

ராயபுரத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் ஜார்ஜ் டவுன். அதில் ஒரு பகுதிக்குப் பெத்தநாயக்கன்பேட்டை என்று பெயர். அந்தப் பெயரிலேயே ஓர் இரவுக் காவல்காரர் இருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்திய கம்பெனியின் சென்னப்பட்டினத்தில் ஊர்க்காவலுக்குப் பொறுப்பாக இருந்தவர் பெத்த நாயக்கன். அது தந்தைக்குப் பின் மகன் என்று பரம்பரையாக வந்த பதவி. அவருக்குக் கீழே தலையாரிகளும் பியூன்களும் இருந்தார்கள். சம்பளத்துக்குப் பதிலாக நெல் வயல்களின் வருமானமும், ஊருக்குள் வரும் சரக்குகளில் ஒரு சிறு பங்கும் அவருக்குக் கிடைத்தன.

அந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியது ஒரு நிபந்தனை. அவருடைய காவலில் இருக்கும் வீட்டில் களவு போனால், அந்தப் பொருளை அவர் மீட்டுத் தர வேண்டும். மீட்க முடியாவிட்டால் நஷ்டத்தை அவரே ஈடுகட்ட வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல இடங்களில் இருந்த காவல் முறையின் நகர வடிவம்தான் இது. காவல் என்பது அங்கே எச்சரிக்கையாக இல்லை, ஒரு வாக்காக இருந்தது. வாக்குத் தவறினால் காவல்காரரின் கையிலிருந்து காசு போகும்.

இந்த முறை பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஈடு கொடுப்பதில் கம்பெனிக்கும் காவல் தலைவருக்கும் தகராறுகள் வந்தன. கிராமங்களில் காவல்காரர்களே காவல் கூலிக்காக மிரட்டுகிறார்கள் என்ற புகாரும் வந்தது. நகரம் பெரிதாகி, யார் எந்த வீடு என்று தெரியாத நிலை வந்தபோது அந்த முறை நிற்க முடியவில்லை. 1859இல் சென்னை மாகாணத்துக்கென்று போலீஸ் சட்டம் வந்தது. காவல் ஊரின் கையிலிருந்து அரசின் கைக்குப் போனது. ஆனால் ஒரு பாடத்தை அது விட்டுப் போயிருக்கிறது: காவலைப் பற்றி எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

‘நண்பன்’ என்ற சொல்லின் 27 வருடங்கள்

தமிழ்நாட்டில் காவலைப் பற்றி எழுதிய வாசகங்களில் நம் எல்லோருக்கும் மனப்பாடமானது ‘காவல்துறை உங்கள் நண்பன்’. எல்லா ஸ்டேஷன் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல்லை ஓர் இயக்கமாகவே ஆக்கியவர் பிரதீப் வி. பிலிப். 1993இல் அவர் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்தபோது ‘போலீஸ் நண்பர்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். சில காலத்திலேயே அது மாநிலம் முழுவதும் பரவியது.

அதன் எண்ணம் எளிமையானது. போலீஸ் என்றால் ஒதுங்கிப் போகும் சாதாரண மனிதர், ஸ்டேஷனுக்குள் பயமில்லாமல் வர வேண்டும். தெருவில் நடப்பதை அவர் சொல்லலாம், இரவு ரோந்தில் காவலருடன் நடக்கலாம், திருவிழாக் கூட்டத்தில் வழி விடலாம். பயத்தின் இடத்தில் பழக்கத்தை வைக்கும் முயற்சி அது. வெளிநாட்டிலும் பாராட்டுப் பெற்றது.

அது 2020 ஜூலையில் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்று பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். கொலை வழக்கு காவலர்கள் மீது. ஆனால் அங்கே தன்னார்வலர்களும் இருந்தார்கள் என்ற புகார் எழுந்தது. அவர்கள் எங்கள் அமைப்பினர் இல்லை என்று அமைப்பின் தரப்பு மறுத்தது. இருந்தும் மக்களின் கோபம் அந்தப் பெயர் மீது திரும்பிவிட்டது.

அந்த இடத்தில் நாம் நின்று யோசிக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் தொடங்கிய ஒரு சொல் எங்கே வழுக்கியது? அடையாள அட்டையும் சட்டையும் கொடுத்த உடனே, தெருவில் இருப்பவர்களில் சிலர் ‘போலீஸின் நண்பர்’ ஆகிறார்கள். மற்றவர்கள் யார்? நண்பர் அல்லாதவர்கள். அந்தச் சொல் பக்கத்து வீட்டுக்காரரைப் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்க்கவில்லை. ஒருவரை மட்டும் அதிகாரத்தோடு சேர்த்தது. யாரை நிறுத்தலாம், எதைக் கேட்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்ற எல்லைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொல்லிக் கொடுக்கப்படாவிட்டால், நட்பு என்ற சொல்லுக்குள் லத்தி வந்து உட்கார்ந்துவிடும்.

பழவேற்காட்டுப் பாலம்

இன்னொரு சம்பவம் நமக்கு இன்னும் அருகில் நடந்தது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு. 2018 மே மாதம் வட மாவட்டங்கள் முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது: வடமாநிலத்திலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது, கவனமாக இருங்கள். சம்பந்தமே இல்லாத படங்களும் வீடியோக்களும் கூடவே வந்தன. பல ஊர்களில் இளைஞர்கள் இரவில் கூட்டமாகக் காவலுக்கு நின்றார்கள். அதாவது, அது ஒரு தெருக் காவல்தான். அதற்கும் ஒரு வாசகம் இருந்தது: ‘அந்நியரைக் கண்டால் விடாதே.’

பழவேற்காட்டில் அந்த இரவு மாட்டியவர், மனநலம் பாதிக்கப்பட்டு வீடில்லாமல் திரிந்துகொண்டிருந்த ஒரு மனிதர். கேட்ட கேள்விக்கு அவரால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அடித்தே கொன்றார்கள். உடலைப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே வாரம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போன ஒரு குடும்பத்தைக் கூட்டம் மடக்கியது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்த தப்பு. 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். கடத்தப்பட்ட குழந்தை எங்குமே இல்லை.

அந்த இளைஞர்கள் எல்லோரும் கொலைகாரர்களாகப் பிறந்தவர்கள் இல்லை. தங்கள் தெருக் குழந்தைகளைக் காக்க வேண்டும் என்று தூக்கம் விட்டு வந்தவர்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்த ஒரே அளவுகோல் ‘தெரிந்த முகமா, தெரியாத முகமா’ என்பது. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு விடிய விடிய நின்றால், கடைசியில் தெரியாத முகம் ஒன்று வந்தே தீரும்.

அமெரிக்காவில் சிகாகோ நகரிலும் இதன் மென்மையான வடிவத்தைப் பார்த்தார்கள். 1980களில் அங்கே தெருக் காவல் குழுக்கள் கூட்டங்கள் நடத்தின. அதனால் மக்களின் பயம் குறையும் என்று எதிர்பார்த்து டென்னிஸ் ரோசன்பாம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். சில பகுதிகளில் பயம் கூடியிருந்தது. காரணமாக அவர்கள் ஊகித்தது நமக்கும் பழக்கமானதுதான். கூட்டம் போட்டால் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த திருட்டுக் கதையைச் சொல்வார்கள். பத்துக் கதை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது. நம் வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்கு வரும் சிசிடிவி கிளிப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே நாட்டில் 1984இல் வேறொரு வழியும் பிறந்தது. பிலடெல்பியா பக்கம் மேட் பெஸ்கின் என்பவர் தொடங்கியது. வருடத்தில் ஓர் இரவு எல்லோரும் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்து உட்காருங்கள் என்றார். அவ்வளவுதான். நாளடைவில் அது தெருவே கூடிச் சாப்பிடும் இரவாக மாறியது. நம் தாத்தா பாட்டிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். திண்ணையில் பாய் போட்டுப் படுத்தவர்கள் தினமும் செய்தது இது.

நம் சந்தில் இரவில் நடப்பவர் யார்?

இப்போது நம் சந்துக்கு வருவோம். ‘அந்நியர் நடமாட்டம்’ என்று எழுதினால், இரவு இரண்டு மணிக்கு அதைப் படிக்கப் போகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும். கூடையும் அலுமினிய டேஸாவும் எடுத்துக்கொண்டு அக்காமார்கள் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைகள் வந்த காலத்திலிருந்து இங்கே இரவு ஷிஃப்ட் உண்டு. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணிக்குமேல் வீடு திரும்புகிறவர்களும், மூன்றாம் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களும் ஒருவரை ஒருவர் கடந்து போகும் ஊர் இது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டிரைவர்கள் தண்ணீருக்கும் டீக்கும் நம் சந்து வழியாகத்தான் வருகிறார்கள். பின்னால் கட்டுமான வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் தம்பிகள் தங்கியிருக்கிறார்கள். அமைதியான பணிக்குடியிருப்பு ஒன்றில் நள்ளிரவில் நடப்பவர் வெளியாளாக இருக்கலாம். வடசென்னையில் நள்ளிரவில் நடப்பவர்தான் ஊர்க்காரர். நாம் கேட்டுக்குள் வந்தது பத்து வருடம், அவர்கள் இந்தச் சந்தில் நடப்பது தலைமுறைகளாக.

இன்னொன்று. இந்தப் பகுதியில் இரவின் ஆபத்து திருடன் மட்டும்தானா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அப்படி ஓர் இரவில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கிறார், எந்தக் கதவைத் தட்டினால் எழுந்திருக்க மாட்டார்கள் என்று தெரிந்த ஒருவர் விழித்திருக்க வேண்டும். அதைச் செய்ய முடிந்தால்தான் அது காவல். அந்த வேலைக்குச் சந்தேகம் உதவாது, அக்கம்பக்கம் தெரிந்திருப்பதுதான் உதவும்.

வாசகத்தை மூன்று கேள்வியால் சோதிப்போம்

வந்த வாசகங்களை இந்தக் கேள்விகளோடு ஒருமுறை பாருங்கள். வாக்கியத்தில் முதலில் நிற்பது திருடனா, நாமா? மீன்கூடையோடு போகும் அக்காவும் லாரி டிரைவரும் அதைப் படித்தால் தாங்கள் உள்ளே இருப்பதாக நினைப்பார்களா, வெளியே தள்ளப்பட்டதாக நினைப்பார்களா? நாம் சொல்வதை நம்மால் செய்ய முடியுமா?

‘அந்நியர் நடமாட்டம்’ முதல் இரண்டிலும் தோற்கிறது. ‘கண்காணிக்கப்படுகிறது’ என்பதில் கண்காணிப்பது யார் என்றே இல்லை. சென்னைப் போலீஸ் சில வருடங்களுக்கு முன் கேமரா வைக்கச் சொல்லி ‘மூன்றாவது கண்’ என்று பிரச்சாரம் செய்தது. அது நல்ல வாசகம்தான், கேமராவுக்கு. கேமரா நடந்ததைப் பிறகு காட்டும். இரவு பதினொன்றரைக்கு ஆட்டோ விட்டுப் போன இடத்திலிருந்து நடந்து வரும் நர்ஸ் பெண்ணுக்குக் கூட யாரும் இல்லை என்பதை அது மாற்றாது.

குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘இந்தச் சந்தில் யாரும் தனியாக வீடு திரும்புவதில்லை.’ படித்ததும் மனதுக்கு இதமாக இருந்தது. முதல் இரண்டு கேள்வியில் முழு மதிப்பெண். மூன்றாவதில் தடுக்குகிறது. நம்மால் ஒவ்வொருவர் கூடவும் நடக்க முடியாது. பெத்த நாயக்கனாவது ஈடு கட்டினார், நாம் எதைக் கொடுப்போம்? அதனால் அதை நம் கைக்கு எட்டும் அளவுக்குச் சுருக்கி இப்படி முன்வைக்கிறேன்:

‘எந்நேரம் வந்தாலும் இந்தச் சந்தில் ஒருவர் விழித்திருப்பார்.’

கீழே சிறிய எழுத்தில்: ‘வழி கேட்க, தண்ணீர் குடிக்க, துணைக்கு: கேட் அருகே. அவசரத்துக்கு 112.’ அதே இரண்டு வரி இந்தியிலும்.

இதைக் காப்பாற்ற என்ன வேண்டும்? இதுவரை முப்பது வீடுகள் பெயர் கொடுத்திருக்கின்றன. ஒரு இரவுக்கு இரண்டு பேர் என்றால் ஒருவருக்கு முறை பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். விடிய விடிய உட்காரச் சொன்னால் இரண்டாவது மாதமே பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். எனவே இரவு பத்து முதல் பன்னிரண்டரை வரை மட்டும் நாம். கடைசி பஸ்ஸும் இரண்டாம் ஷிஃப்ட்டும் வந்து சேரும் நேரம் அதுதான். அதன்பின் மூன்று மணி வரை வாட்ச்மேன் அண்ணன் தனியே விழித்திருக்க வேண்டிய நேரம். மூன்று மணிக்குமேல் மீன்காரர்களும் பால்காரரும் வந்துவிடுவார்கள், சந்து தானாகவே விழித்துக்கொள்ளும்.

அப்படியானால் நம் வாசகத்தின் கனமான பகுதியை நிஜமாகச் சுமக்கப் போகிறவர் வாட்ச்மேன். அவருக்கு முதுகு சாயும் நாற்காலி, ஃபிளாஸ்கில் டீ, பூட்டாத கழிவறை, பகலில் தூங்க நேரம் ஆகியவை இல்லாமல் பலகை வைத்தால் அது பொய்ப் பலகை. பகலிலும் அவரைக் கார் கழுவ நிறுத்திவிட்டு இரவில் விழித்திருக்கச் சொல்ல முடியாது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுங்கள். காவல் முறையில் அவரும் ஓர் உறுப்பினர், நம் ஏவலாள் அல்ல.

பழவேற்காட்டையும் சாத்தான்குளத்தையும் மனதில் வைத்து இரண்டு கட்டுப்பாடுகள். ஒன்று, முறையில் இருப்பவர் யாரையும் தடுத்து நிறுத்தக் கூடாது. தன் கண் முன்னே பெரிய குற்றம் செய்தவரைப் பிடித்துத் தாமதமின்றிப் போலீஸில் ஒப்படைக்கத்தான் சட்டம் ஒரு குடிமகனுக்கு இடம் தருகிறது. சந்தேகம் அதற்குக் காரணம் ஆகாது. கேட்க வேண்டிய கேள்வி ‘யார் நீ?’ அல்ல. ‘யாரைப் பார்க்கணும், வழி காட்டட்டுமா?’ என்று கேளுங்கள். நல்லவருக்கு அது உதவி. திருட வந்தவருக்கு, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்ற செய்தி. இரண்டு, முகம் தெரியாதவரின் படத்தைக் குழுவில் போடக் கூடாது. உண்மையிலேயே அவசரம் என்றால் 112, இல்லையென்றால் முறையில் இருப்பவரின் நோட்டில் ஒரு வரி.

இந்தக் காவல் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? எத்தனை பேரைப் பிடித்தோம் என்று எண்ணாதீர்கள். அந்த நோட்டைத் திருப்பிப் பாருங்கள். ‘11.20, தெரியாத ஆள் இருவர்’ என்று எழுதிய வரிகள் மூன்று மாதத்தில் ‘11.20, நம் பின் சந்துத் தம்பிகள், ஷிஃப்ட் முடிந்து’ என்று மாறியிருந்தால் வாசகம் உண்மையாகிறது. தெரியாத ஆள், சந்தேகம், சந்தேகம் என்றே நோட்டு நிரம்பினால், பலகையைக் கழற்றிவிட்டு மறுபடியும் பேசுவோம்.

அடுத்த செயற்குழுவுக்கு முன் உங்கள் வாசகத்தையும் எழுதி அனுப்புங்கள். என்னுடையதைத் திருத்தியும் அனுப்பலாம். அனுப்பும் முன் ஒருநாள் இரவு பன்னிரண்டு மணிக்குச் சந்தின் முனையில் நின்று, கூடையைத் தலையில் வைத்திருப்பவராக உங்களை நினைத்துக்கொண்டு அதை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.